ஐந்து பேர் எழுதிய ஒரே அறிக்கை: நடை மாறும் இடங்களை எப்படிப் படிப்பது

திண்டுக்கல் பகுதிக் கல்லூரி ஒன்றில் ஐந்து பேர் கொண்ட குழுவுக்குக் கள அறிக்கை எழுதக் கொடுத்தால், அந்த ஐவரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதுவது அபூர்வம். ஒருவர் நிலக்கோட்டையிலிருந்து தினமும் பேருந்தில் வந்துபோகிறவர். இன்னொருவர் விடுதியில் இருப்பவர். வேறொருவர் மாலையில் டவுனில் துணிக்கடை வேலைக்குப் போகிறவர். தலைப்பை ஐந்தாக வகுத்துக்கொண்டு ஆளுக்கொரு பகுதி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கடைசி நாள் ராத்திரி யாராவது ஒருவர் அதையெல்லாம் ஒன்றாகச் சேர்ப்பார். மறுநாள் அது ஸ்பைரல் பைண்டிங் போட்டு உங்கள் மேசைக்கு வரும்.

அப்படி வந்த அறிக்கையில் மூன்றாம் பக்கத்துக்கும் ஏழாம் பக்கத்துக்கும் நடை ஒட்டாது. முன்பெல்லாம் இதை யாரும் பொருட்படுத்தியதில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு நிலைமை மாறிவிட்டது. நடை மாறுகிற இடத்தைக் கண்டதுமே ஆசிரியருக்குச் சந்தேகம் வருகிறது. இங்கே என்னவோ யந்திரத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று சிவப்பு மையில் சுழிக்கிறோம். தனி ஆள் எழுதிய கட்டுரையில் அந்தச் சந்தேகத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு. குழு அறிக்கையில் அதே அளவுகோலை வைத்தால், ஒழுங்காக வேலையைப் பிரித்துக்கொண்டு செய்த குழுதான் முதலில் மாட்டும். ஐந்து பேர் எழுதியது ஐந்து குரலில் இருப்பதுதான் இயல்பு. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே குரலில் வந்தால்தான் அது எப்படி நடந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நடை ஏன் மாறுகிறது

இந்த வட்டார மாணவர்களிடம் நடை மாறுவதற்குக் காரணங்கள் ஏராளம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர், மெட்ரிக் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தவர், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ உருதுவோ பேசுகிறவர் என எல்லோரும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். தமிழ் வழியில் வந்தவர் பாடநூல் நடையில் எழுதுவார். அவருடைய வாக்கியங்கள் 'ஆகும்' என்றும் 'விளங்குகிறது' என்றும் முடியும். ஆங்கில வழியில் வந்தவர் மனத்துக்குள் ஆங்கில வாக்கியத்தை அமைத்துத் தமிழில் இறக்குவார். வாக்கியம் நீளும், ஒற்று விடுபடும். அப்படி எழுதியது யந்திரம் எழுதியதைப் போலவே காதுக்குக் கேட்கும். தவறான சந்தேகங்களில் பெரும்பகுதி இவர்கள்மேல்தான் விழுகிறது.

அடுத்தது எழுதும் கருவி. கைப்பேசியில் தட்டியது, குரலில் சொல்லி எழுத்தாக்கியது, கணினியில் அடித்தது ஆகிய மூன்றுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. குரலில் சொன்னதில் நிறுத்தக்குறியே இருக்காது, பேச்சுவழக்கு நுழைந்திருக்கும். கைப்பேசியில் அடித்ததில் பத்திகள் சின்னதாக இருக்கும், மேற்கோள் குறி பெரும்பாலும் நேராக நிற்கும். வேர்டில் அடித்ததில் அதே குறி தானாக வளைந்துகொள்ளும். இரண்டையும் ஒரே கோப்பில் ஒட்டினால் ஒரு பக்கத்தில் நேர்க்குறியும் அடுத்த பக்கத்தில் வளைகுறியுமாக இருக்கும். இதைப் பார்த்து யந்திரம் என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பகுதி எந்தக் கருவியில் அடிக்கப்பட்டது என்பதைத் தவிர வேறெதையும் அது சொல்லாது.

பேருந்து நிலையத்தை ஒட்டிய டிடிபி கடைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கையால் எழுதிய தாளைக் கொடுத்து அடித்து வாங்குகிற பழக்கம் இன்னும் போகவில்லை. பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்துப் பிறகு யூனிகோடுக்கு மாற்றித் தருகிற கடைகளும் இருக்கின்றன. மாற்றும்போது சில எழுத்துகள் கெடும். 'தொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் 'தொழில்' என்று தேடினால் சில பக்கங்களில் சிக்கும், சிலவற்றில் சிக்காமல் போகலாம். ஒரே அறிக்கை இரண்டு இடங்களில் தயாரானது என்பதற்கு அது நல்ல தடயம். டிடிபிக்காரர் இன்னொரு வேலையும் செய்துவிடுவார். தனக்குப் பழகிய எழுத்துக்கூட்டலை எல்லார் பகுதியிலும் போட்டுவிடுவார். அதனால் மேலோட்டமான வேறுபாடுகள் மறைந்து, வாக்கிய அமைப்பில் இருக்கும் வேறுபாடுகள் மட்டும் மிஞ்சும்.

எந்தச் சொற்களைப் பார்ப்பது

நடையைக் கொண்டு ஆளைப் பிரித்தறியும் வேலைக்கு ஒரு புகழ்பெற்ற முன்னோடி உண்டு. 1787, 1788 ஆண்டுகளில் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 85 கட்டுரைகள் வந்தன. ஹாமில்டன், மேடிசன், ஜே என்ற மூவர் 'பப்ளியஸ்' என்ற ஒரே புனைபெயரில் எழுதியவை அவை. குழு அசைன்மென்ட் என்றே சொல்லலாம். அவற்றில் 12 கட்டுரைகள் ஹாமில்டன் எழுதியவையா மேடிசன் எழுதியவையா என்று நெடுங்காலம் தகராறு இருந்தது. 1964-இல் மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியல் அறிஞர்கள் அதை ஆராய்ந்து புத்தகமாக வெளியிட்டார்கள். கருத்துச் சொற்களை அவர்கள் நம்பவில்லை. எழுதுகிறவர் கவனிக்காமலே கைக்கு வருகிற சின்னச் சின்ன இணைப்புச் சொற்களை எண்ணினார்கள். 'அப்பான்' என்ற சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொல்லுக்கு மூன்று தடவை போல எழுதுவார், மேடிசன் அநேகமாக எழுதவே மாட்டார். 12 கட்டுரைகளும் மேடிசன் எழுதியவை என்ற பக்கமே சான்று சாய்ந்தது.

தமிழிலும் அப்படிப்பட்ட சொற்கள் இருக்கின்றன. 'எனவே' என்பவர் 'ஆகவே' என்று எழுதுவது குறைவு. 'ஆதலால்' என்பவர் மூன்றாவது ரகம். ஒருவர் 'இருக்கிறது' என்பார், இன்னொருவர் எல்லா இடத்திலும் 'உள்ளது' என்பார். பட்டியல் போடும்போது 'உம்' சேர்ப்பவர் ஒருவர், 'மற்றும்' போடுபவர் ஒருவர். 'பூட்டுத் தொழில்' என்று ஒற்றுப் போடுபவரும் 'பூட்டு தொழில்' என்று விடுபவரும் தங்களை அறியாமலே அதைக் கடைசிவரை செய்துகொண்டுபோவார்கள். 'கோயில்', 'கோவில்' என்பதும் அப்படித்தான். எண்ணை எழுத்தில் எழுதுவதா இலக்கத்தில் எழுதுவதா என்பதிலும் ஆளுக்கொரு பழக்கம் உண்டு.

ஆனால் எல்லையை மறந்துவிடக் கூடாது. மோஸ்டெல்லரிடமும் வாலஸிடமும் ஒவ்வொரு கட்டுரையாளர் எழுதியதிலும் ஆயிரக்கணக்கான சொற்கள் கையில் இருந்தன. உங்கள் மாணவர் எழுதிய பகுதி நானூறு சொல்லைத் தாண்டாது. அதில் 'எனவே' இரண்டு முறை வந்தது, 'ஆகவே' வரவில்லை என்பதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. எங்கே பார்க்க வேண்டும் என்று அது காட்டும், அவ்வளவுதான்.

'முக்கியப் பங்கு வகிக்கிறது' என்று இருந்தால் யந்திரம் என்றொரு நம்பிக்கை ஆசிரியர் அறைகளில் பரவியிருக்கிறது. அதைக் கைவிட்டுவிடுங்கள். அந்தத் தொடர் பள்ளிப் பாடநூலிலும் செய்திக்குறிப்பிலும் மேடைப்பேச்சிலும் யந்திரம் வருவதற்கு முன்பே நிரம்பிக் கிடந்தது. யந்திரம் அதை நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது.

ஒரு அறிக்கையைப் படித்துப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்காக நானே கட்டிய ஒரு அறிக்கை இது. தலைப்பு, திண்டுக்கல் பூட்டு. எழுதியவர்களை ஊர்ப் பெயரால் குறிக்கிறேன். அறிமுகம் நத்தம், செய்முறை நாகல்நகர், சந்தை வேடசந்தூர், தொழிலாளர் நிலை சின்னாளபட்டி, பரிந்துரைகள் நிலக்கோட்டை. எல்லோரும் சேர்ந்து பட்டறைகளுக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

முதல் தடவை யார் எழுதியது என்று பார்க்காமலே படியுங்கள். குரல் மாறுவதாகத் தோன்றுகிற இடத்தில் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள், வேறெதுவும் வேண்டாம். இந்த அறிக்கையில் ஆறு கோடுகள் விழுகின்றன. பிறகுதான் பங்குப் பட்டியலை, அதாவது எந்தப் பகுதியை யார் எழுதினார் என்ற தாளைப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஆறில் நான்கு கோடுகள் பகுதிகளின் எல்லைக்கோட்டில் சரியாக உட்கார்ந்திருக்கின்றன. ஐந்து பேர் என்றால் நான்கு எல்லைகள். அந்த நான்கையும் அப்படியே விட்டுவிடலாம். மிச்சம் இரண்டும் நான்காம் பகுதிக்கு உள்ளேயே விழுந்திருக்கின்றன. அதாவது தொழிலாளர் நிலை என்ற பகுதியின் நடுவில் ஒரே ஒரு பத்தி மட்டும் வேறு குரலில் இருக்கிறது.

அதற்குப் போகுமுன் மூன்றாம் பகுதியைப் பார்த்துவிடலாம். அவசரமாகப் படிக்கிற ஆசிரியர் முதலில் சுழிப்பது அதைத்தான். நாகல்நகர் எழுதிய செய்முறை, பட்டறைப் பேச்சோடு இருக்கிறது. லீவர், தகடு, அரம் போட்டு ராவுவது, மாங்காய்ப் பூட்டு என்று சொற்கள் வருகின்றன. வாக்கியம் சின்னது. உடனே வேடசந்தூரின் சந்தைப் பகுதி தொடங்குகிறது. மூன்று வரிக்கு ஒரு வாக்கியம், 'ஒப்பிடும்போது', 'அதாவது', 'இதன் அடிப்படையில்' என்று போகிறது. காதுக்கு யந்திரம் மாதிரியே இருக்கிறது. ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். பகுதி முழுக்க ஒரு இடத்தில்கூட ஒற்று இல்லை. அலிகார் பூட்டையும் திண்டுக்கல் பூட்டையும் எந்தக் கடையில் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று தெருவோடு சொல்லியிருக்கிறது. ஒரு கடைக்காரர் விலை சொல்ல மறுத்ததும் எழுதப்பட்டிருக்கிறது. அதே மாணவரின் இன்டர்னல் தேர்வுத் தாளை எடுங்கள். அங்கேயும் ஒற்று இல்லை, அங்கேயும் 'ஒப்பிடும்போது'. தேர்வறையில் கையால் எழுதிய தாள் ஆசிரியரிடம் ஏற்கெனவே இருக்கிற அருமையான ஒப்பீட்டுச் சான்று. பலரும் அதைக் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அவசரத்தில் எழுதியது என்பதால் வாக்கியங்கள் அதில் குட்டையாக இருக்கலாம், ஆனால் பழக்கச் சொற்கள் மாறாது.

இப்போது நான்காம் பகுதிக்குள் இருக்கிற அந்நியப் பத்தி. சின்னாளபட்டி மாணவி தறி வேலை தெரிந்தவர். பூட்டுத் தொழிலாளரின் கூலியைச் சுங்குடி நெசவுக்காரரின் கூலியோடு வைத்துப் பேசுகிறார். 'ஆகவே' என்பது அவருடைய சொல். நடுவில் வருகிற பத்தியோ 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் அலிகாரின் போட்டியையும் நீளமான ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மறைகிறது. கூலிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பகுதிக்கு நடுவில் தையல், முன்பின் தொடர்பு இல்லை, தகவல் எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. யந்திரம் என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும்.

இன்னொரு முறை படியுங்கள். 'ஒப்பிடும்போது' இருக்கிறது. ஒற்று இல்லை. அது வேடசந்தூரின் கை. வாய்மொழித் தேர்வில் ஐவரையும் உட்காரவைத்துப் பொதுவாகக் கேட்டால் போதும்.

"நாலாவது பகுதியில புவிசார் குறியீடு பத்தி ஒரு பத்தி இருக்கே, அது எப்படி இங்க வந்தது?"

"நான்தான் சார் போட்டேன்," என்கிறார் வேடசந்தூர். "என் பகுதியில பக்கம் தாண்டிடுச்சு. ஃபைலைச் சேர்த்தது நான்தான். இங்க இடம் இருந்தது, வெச்சுட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல சார்," என்கிறார் சின்னாளபட்டி.

குழு அறிக்கையில் கோப்பைச் சேர்ப்பவர் என்று ஒருவர் இருக்கிறார், அவர் கை எங்கு வேண்டுமானாலும் நுழையும். பகுதிக்கு நடுவில் குரல் மாறினால் முதலில் அவரைக் கேளுங்கள். அவருடைய கை இல்லையென்றால் அடுத்தது, எங்கிருந்தாவது நகலெடுத்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் மாவட்டக் கையேடோ நாளிதழோ வந்து நிற்கலாம். ஆங்கிலத்தில் படித்ததை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்த வாக்கியமாகவும் இருக்கலாம். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று உங்கள் துறை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு தண்டிப்பது நியாயமாகாது. இவ்வளவும் கழிந்த பிறகு மிஞ்சுவதுதான் யந்திரம் என்ற கேள்வி.

இந்த அறிக்கையில் உண்மையில் நின்று யோசிக்க வேண்டிய பகுதி ஐந்தாவது. அதில் தையலே தெரியவில்லை. தொழில்நுட்ப மேம்பாடு, திறன் பயிற்சி, சந்தைப்படுத்தல் என்று பரிந்துரைகள் வழவழவென்று போகின்றன. ஒரு பட்டறையின் பெயர் இல்லை, ஒரு பூட்டின் பெயர் இல்லை. பூட்டு என்பதற்குப் பதில் பாய் என்று மாற்றிப் போட்டாலும் அந்தப் பகுதி அப்படியே நிற்கும். இன்னும் பெரிய சிக்கல், தானியங்கி இயந்திரங்களை வைத்துப் பெருமளவில் உற்பத்தி செய்ய வேண்டும் என்கிறது அது. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராதபடி கையால் ராவிச் செய்வதுதான் இந்தப் பூட்டின் மதிப்பு என்று இரண்டாம் பகுதி சொல்கிறது. அதற்காகத்தான் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்று மூன்றாம் பகுதி சொல்கிறது. ஒரே அறிக்கைக்குள் பரிந்துரை கண்டுபிடிப்போடு மோதுகிறது. நடை வேறுபாட்டைவிட இந்த மோதல் கனமான சான்று. மற்ற நான்கு பேரின் பகுதிகளைப் படிக்காமலேயே இது எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும் அது உறுதியாகச் சொல்கிறது.

நிலக்கோட்டை மாணவியைக் கேட்டால், அரசுத் திட்டக் கையேடுகள் இரண்டைப் பார்த்து எழுதினேன் என்கிறார். உண்மையாக இருக்கலாம். கையேட்டு நடையில் ஊறி எழுதினாலும் இப்படித்தான் வரும். யந்திரம் தந்ததாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க உங்களிடம் வழி இல்லை. பிரிக்கவும் தேவையில்லை. "நீங்க போன பட்டறையில எந்த வேலைக்கு மெஷின் வைக்கலாம், எதுக்கு வைக்கக் கூடாது?" என்று கேளுங்கள். பதில் வந்தால் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதித் தரச் சொல்லலாம். வராவிட்டால் களத்தோடு சேராத பகுதி என்று மதிப்பெண் குறையும். எழுதியது யார் என்ற தீர்ப்பு இதற்கு வேண்டியதே இல்லை.

கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பலாமா

இந்த வேலையை மென்பொருளிடம் விடலாமே என்று கேட்பார்கள். குழு அறிக்கைக்கு அது இன்னும் குறைவாகவே பொருந்தும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன்னுடைய கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத மாணவர்கள் எழுதிய டோஃபல் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் யந்திரம் எழுதியது என்று அவை தவறாகச் சொன்னதைக் கண்டார்கள். சொல்வளம் குறைவாக, எதிர்பார்க்கக்கூடிய வாக்கியங்களாக எழுதினால் அந்தக் கருவிகள் சந்தேகப்படும். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிற நம் மாணவர்களில் மிகப் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

குழு அறிக்கையில் கூடுதலாக ஒரு கோளாறு உண்டு. கருவி முழுக் கோப்புக்கும் ஒரு சதவீதம் தரும். ஐவரில் ஒருவர் பகுதியால் வந்த சதவீதம் ஐவர் தலையிலும் விழும். பகுதியைத் தனியாக வெட்டிக் கொடுத்தால் அது போதிய நீளம் இருக்காது. டர்ன்இட்டின் கருவிக்குக் குறைந்தது 300 சொற்கள் வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழான முடிவை அந்த நிறுவனமே எண்ணாகக் காட்டாமல் நட்சத்திரக் குறியாகத்தான் காட்டுகிறது. சதவீதம் 35 என்று வந்தால், எந்தப் பத்திகள் நிறம் காட்டப்பட்டன, அவை யாருடைய எல்லைக்குள் இருக்கின்றன என்று பார்ப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு கருத்துத் திருட்டு விதிமுறைகளைக் காட்டி மிரட்டுகிறவர்களும் உண்டு. 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை என்று தொடங்கி அடுக்கடுக்காகத் தண்டனை சொல்கிற விதிமுறை அது. அது பேசுவது பிறருடைய எழுத்தோடு உள்ள ஒற்றுமையைப் பற்றி. யார் எழுதினார் என்பதை அந்தச் சதவீதம் அளக்காது. போதாததற்கு, அசைன்மென்ட், பருவத் தாள், திட்ட அறிக்கை, விடைத்தாள் ஆகியவை தன் வரம்பில் வராது என்று அதன் வரையறைப் பகுதியே சொல்லிவிடுகிறது. உங்கள் துறைக்கென ஒரு விதி வேண்டுமென்றால் நீங்களே எழுதி, பருவத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை

அறிக்கையோடு ஒரு பங்குப் பட்டியலைக் கட்டாயமாக்குங்கள். எந்தப் பகுதியை யார் எழுதினார், யார் தட்டச்சு செய்தார், யார் கோப்பைச் சேர்த்தார், சேர்க்கும்போது எந்தப் பத்தியை மாற்றினார், எந்தச் செயலியை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று அரைப் பக்கம் போதும். டிடிபி கடையில் அடித்ததும் குரலில் சொல்லி எழுதியதும் அதில் இருக்கட்டும். மேலே பார்த்த வேடசந்தூர் பத்தி அந்தத் தாளில் இருந்திருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

களக் குறிப்பேட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். மசியும் அடித்தலும் நிறைந்த குறிப்பேட்டுக்கு எந்தக் கருவியின் சதவீதமும் ஈடாகாது. கூகுள் டாக்ஸில் சேர்ந்து எழுதினால் `File > Version history > See version history` என்ற இடத்தில் யார் எந்த நேரத்தில் எதைச் சேர்த்தார் என்று நிறம் நிறமாகத் தெரியும். அதைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. ஒரு பகுதி முழுவதும் ஒரே நொடியில் வந்து விழுந்திருந்தால், வேறு எங்கோ எழுதி ஒட்டியிருக்கிறார் என்று மட்டும் பொருள். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி எழுதுகிற மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தச் செய்தியின் தேதியையும் நேரத்தையும் காட்டச் சொன்னால் காட்டிவிடுவார்கள்.

நல்ல பிள்ளைகள் மாட்டிக்கொள்கிற ஒரு இடம் இருக்கிறது. ஐந்து நடையில் இருந்தால் மதிப்பெண் குறையும் என்று பயந்து, சேர்த்த கோப்பை அப்படியே ஒரு செயலியில் போட்டுச் சீர்படுத்தித் தா என்று கேட்டுவிடுகிறார்கள். களத்துக்குப் போய் உழைத்து எழுதிய அத்தனை பேரின் கையும் அந்த ஒரு அழுத்தலில் அழிந்துபோகிறது. பூட்டு அறிக்கை என்றால் லீவர் நெம்புகோலாகிவிடுகிறது, விலை சொல்ல மறுத்த கடைக்காரர் காணாமல் போகிறார். பிறகு அது அவர்கள் எழுதியதுதான் என்று காட்ட எந்தத் தடயமும் மிஞ்சாது. ஒருமைப்படுத்த வேண்டியது எழுத்துருவையும் தலைப்பு அளவையும் ஊர்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டலையும் மட்டும்தான் என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். நடை சீராக இருப்பதற்கு மதிப்பெண் கிடையாது என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.

மதிப்பெண் பிரிக்கும் முறையும் இதோடு சேர்ந்தது. முழு மதிப்பெண்ணையும் ஐவருக்கும் பொதுவாக வைத்தால், ஐந்தாம் பகுதியின் குறைக்கு நாகல்நகரும் நத்தமும் பழியேற்பார்கள். முழுவதையும் தனித்தனியாக வைத்தால் ஒருவர் பகுதியை இன்னொருவர் படிக்கவே மாட்டார், பூட்டுப் பரிந்துரையில் பார்த்த மோதல் எல்லா அறிக்கையிலும் வரும். 25 மதிப்பெண் என்றால் பத்தைப் பொதுவாகவும் பத்தைத் தன் பகுதிக்கும் வைத்து, மிச்சம் ஐந்தை வாய்மொழித் தேர்வில் இன்னொருவர் பகுதியைப் பற்றிக் கேட்கிற கேள்விக்கு வைக்கலாம். அந்த ஐந்துக்காகவாவது நிலக்கோட்டை மாணவி நாகல்நகரின் செய்முறையைப் பேருந்தில் வரும்போது படித்துவிட்டு வருவார்.